ரீஃபண்ட் எங்கே நிற்கிறது?

வருமான வரி ரிட்டர்ன் போட்டு மூன்று மாதம் ஆகியும் ரீஃபண்ட் வரவில்லை என்றால், அந்தப் பணம் மூன்று இடங்களில் ஏதோ ஒன்றில்தான் நிற்கிறது. நாம் முடிக்காமல் விட்ட ஏதோ ஒரு வேலையில் நிற்கலாம், பெங்களூரில் வரித்துறையின் மையத்தில் நிற்கலாம், இல்லையென்றால் அங்கிருந்து கிளம்பி நம் வங்கிக் கணக்குக்குள் நுழைய முடியாமல் நிற்கலாம். மூன்றுக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: பணம் வரவில்லை. ஆனால் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு. முதலாவதில் நாம் இன்றே எதையாவது செய்தாக வேண்டும். இரண்டாவதில் பெரும்பாலும் சும்மா இருப்பதே நல்லது. மூன்றாவதில் வங்கிக்கும் போர்ட்டலுக்கும் நடுவில் ஒரு சின்னத் திருத்தம் போதும். எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தினமும் செல்போனில் பேலன்ஸ் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டால் விஷயம் சுலபமாகப் புரியும். கோவையில் தனியார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பெண். மாலதி என்று வைத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டில் அவருடைய மொத்தச் சம்பளம் 8,00,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 4,00,000, வீட்டு வாடகைப் படி 1,60,000. பழைய வரிமுறையா புதிய வரிமுறையா என்று அலுவலகத்தில் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. சொல்லாதவர்களுக்குப் புதிய முறைதான் என்பது சட்டம். எனவே நிலையான கழிவு 75,000 போக 7,25,000 ரூபாய்க்கு வரி கணக்கிட்டு, செஸ்ஸும் சேர்த்து 23,400 ரூபாயை ஆண்டு முழுவதும் டிடிஎஸ்ஸாகப் பிடித்துவிட்டார்கள்.

ஜூனில் ஃபார்ம் 16 கைக்கு வந்த பிறகுதான் மாலதி உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். மாதம் 12,000 ரூபாய் வாடகை கொடுக்கிறார், ஆண்டுக்கு 1,44,000. அதில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதமான 40,000 போக, 1,04,000 ரூபாய்க்கு வீட்டு வாடகைப் படியில் விலக்கு உண்டு. பி.எஃப்., எல்ஐசி எல்லாம் சேர்த்து 80சி பிரிவில் 1,50,000. பழைய முறையில் நிலையான கழிவு 50,000. எல்லாம் போக வரிக்குரிய வருமானம் 4,96,000. பழைய முறையில் ஐந்து லட்சத்தைத் தாண்டாத வருமானத்துக்கு 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஆக, பழைய முறையைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்ன் போட்டால் பிடித்த 23,400 முழுவதும் திரும்பி வர வேண்டும். தொழில் வரி போன்ற சில்லறைகளை இங்கே விட்டுவிட்டேன். அவற்றால் விடை மாறப்போவதில்லை.

கணக்கில் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் இந்த 23,400 ரூபாய், பக்கத்து மேசைத் தோழியின் 1,800 ரூபாயைப் போல பத்தே நாளில் வந்துவிடாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஆண்டு ரிட்டர்ன் போடக் கடைசி நாள் ஜூலை 31 என்பது முதலில் செப்டம்பர் 15 ஆனது. போர்ட்டல் திணறியதால் இன்னும் ஒரு நாள் கூட்டி 2025 செப்டம்பர் 16 ஆனது. மாலதி செப்டம்பர் 12 இரவே ரிட்டர்னைச் சமர்ப்பித்துவிட்டார். திரையில் பச்சை நிறத்தில் ஒப்புகை எண் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். நிறையப் பேர் நினைப்பது அப்படித்தான். உண்மையில் ரிட்டர்ன் அப்போது பாதி வழியில் இருக்கிறது. அதை நான்தான் போட்டேன் என்று ஆதார் ஓடிபி மூலமோ, நெட்பேங்கிங் மூலமோ உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பெயர் இ-வெரிஃபிகேஷன். கணினியில் செய்யத் தெரியாதவர்கள் ஐடிஆர்-வி என்ற ஒற்றைத் தாளில் கையெழுத்துப் போட்டு பெங்களூருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். இதற்கெல்லாம் முன்பு 120 நாள் அவகாசம் இருந்தது. 2022 ஆகஸ்ட் முதல் அது 30 நாளாகக் குறைந்துவிட்டது.

நிலவரத்தைப் பார்க்க incometax.gov.in தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போய் e-File, Income Tax Returns, View Filed Returns என்று வரிசையாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு ஆண்டின் ரிட்டர்னும் ஒரு பெட்டியாகத் தெரியும். அதில் "Submitted and pending for e-Verification" என்று இருந்தால் பணம் நம் கையில்தான் நிற்கிறது. பெங்களூரில் அந்த ரிட்டர்னை இன்னும் யாரும் தொடக்கூட இல்லை.

இந்த 30 நாளைத் தவறவிட்டால் ரீஃபண்ட் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். மாலதி விஷயத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். அக்டோபர் 12க்குள் செய்ய வேண்டியதை அவர் அக்டோபர் 20 அன்று செய்கிறார் என்றால், ரிட்டர்ன் போட்ட தேதியே அக்டோபர் 20 என்றாகிவிடும். செப்டம்பர் 16 தாண்டிவிட்டதால் அது காலங்கடந்த ரிட்டர்ன். சம்பளக்காரர்கள் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கடைசி நாளுக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். காலங்கடந்தால் புதிய முறைதான். வாடகையும் கிடையாது, 80சியும் கிடையாது. வருமானம் மறுபடி 7,25,000, வரி மறுபடி 23,400. திரும்பி வர ஒரு ரூபாய்கூட இல்லை. போதாததற்குத் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் இவர் கட்ட வேண்டியிருக்கும். ஒரு ஓடிபியைத் தட்டாமல் விட்டதற்கு இது கொஞ்சம் அநியாயமான விலைதான். தாமதத்தை மன்னிக்கும்படி போர்ட்டலிலேயே மனுப் போட வழி இருக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

நல்லவேளையாக மாலதி மறுநாளே வெரிஃபை செய்துவிட்டார். நிலவரம் "Successfully e-Verified" என்று மாறியது. இனி ரிட்டர்ன் பெங்களூரில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்தின் வசம். ஆடிட்டர்கள் சுருக்கமாக சிபிசி என்பார்கள்.

இங்கேதான் அந்த நீண்ட மௌனம் தொடங்குகிறது. சிபிசியில் ஒவ்வொரு ரிட்டர்னையும் ஒரு அதிகாரி எடுத்துவைத்துப் படிப்பதில்லை. ரிட்டர்னில் நாம் சொன்ன எண்களைக் கணினி வேறு சில ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கம்பெனி நம் பெயரில் கட்டிய டிடிஎஸ், 26ஏஎஸ் படிவத்தில் இருக்கும். சேமிப்பு வட்டி, வைப்புத்தொகை வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, மியூச்சுவல் ஃபண்ட் விற்பனை எல்லாம் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் இருக்கும். ஃபார்ம் 16இல் உள்ள விவரங்களையும் கம்பெனி தன் டிடிஎஸ் கணக்கோடு ஏற்கெனவே துறைக்குக் கொடுத்திருக்கும். எல்லாம் பொருந்தினால் 143(1) பிரிவின்கீழ் ஓர் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். இன்டிமேஷன் என்று சொல்வது இதைத்தான்.

எவ்வளவு நாளில்? வெரிஃபை செய்த பிறகு வழக்கமாக நான்கைந்து வாரத்தில் ரீஃபண்ட் கணக்கில் சேரும் என்று துறையே சொல்கிறது. எளிய சம்பள ரிட்டர்ன்கள் சில நாளிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. ஆனால் சட்டம் கொடுத்திருக்கும் கெடு வேறு. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அந்த இன்டிமேஷனை அனுப்பினால் போதும். மாலதி ரிட்டர்ன் போட்டது 2025 செப்டம்பரில்; அந்த நிதியாண்டு முடிவது 2026 மார்ச் 31; அதிலிருந்து ஒன்பது மாதம் என்றால் 2026 டிசம்பர் 31. அதாவது நான்கைந்து வாரம் என்பது வழக்கம், பதினைந்து மாதம் என்பது சட்டம். ஆறாவது வாரத்திலேயே "ஏன் இன்னும் தரவில்லை" என்று சட்டப்படி கேட்க முடியாது. அலுவலகத்தில் நடக்கும் ரீஃபண்ட் சண்டைகளில் பாதி இந்த இரண்டு கெடுவையும் குழப்பிக்கொள்வதால் வருவது.

மௌனமாக இருப்பதால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தமில்லை. சில ரிட்டர்ன்களுக்கு மட்டும் கேள்வி வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். மாலதியின் ரிட்டர்ன் அப்படிப்பட்ட ஒன்று. கணினியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஃபார்ம் 16 சொல்வது: புதிய முறை, வாடகை விலக்கு எதுவுமில்லை, 80சி எதுவுமில்லை, வருமானம் 7,25,000. ரிட்டர்ன் சொல்வது: பழைய முறை, வாடகைக்கு 1,04,000, 80சியில் 1,50,000, வருமானம் 4,96,000. பிடித்த வரி முழுக்கத் திரும்ப வேண்டும் என்கிறார். வருமானமோ வரி பூஜ்யமாகும் ஐந்து லட்சக் கோட்டுக்கு நாலாயிரம் ரூபாய் கீழே வந்து நிற்கிறது. இதில் எதுவும் தவறில்லை. ஆனால் போலிக் கணக்குப் போடுகிறவர்களின் ரிட்டர்னும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். உண்மையையும் பொய்யையும் எண்களைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாதபோது இயந்திரம் இரண்டையும் ஓரமாக எடுத்து வைக்கிறது.

அப்படி எடுத்து வைப்பதற்கு ஒரு பின்னணியும் உண்டு. கமிஷனுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் சில ஏஜென்ட்டுகள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் வாடகை, நன்கொடை, கல்விக் கடன் என்று இல்லாததையெல்லாம் எழுதி ரீஃபண்ட் வாங்கித் தருவதாக வரித்துறை கண்டுபிடித்தது. 2025 ஜூலையில் நாடு முழுவதும் இவர்கள்மீது சோதனை நடந்தது. அப்போது துறை வெளியிட்ட அறிக்கையில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கினார்கள் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த அறிக்கையில் கவனிக்க வேண்டியது இன்னொரு வரி. இந்த ஏஜென்ட்டுகள் ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிகமாக ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்களாம். துறை அனுப்பும் நோட்டீஸ் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குள் போய் விழுகிறது. ரீஃபண்டும் வரவில்லை, கேள்வியும் வரவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் கேள்வி வந்துவிட்டது, அவர்களுக்குத்தான் தெரியாது. உங்கள் ரிட்டர்னை வேறு யாராவது போட்டிருந்தால், போர்ட்டலில் My Profile பகுதிக்குப் போய் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் உங்களுடையதுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேறு எந்த மாதிரி ரிட்டர்ன்களுக்குக் கேள்வி வரும்? ஏஐஎஸ்ஸில் இருக்கும் வருமானத்தை ரிட்டர்னில் காட்டாமல் விட்டால் வரும். இதில் அடிக்கடி மாட்டுகிறவர்கள் ஓய்வு பெற்றவர்கள். வங்கி வைப்புத்தொகை வட்டிக்குப் பிடித்த டிடிஎஸ்ஸைத் திரும்பக் கேட்பார்கள். ஆனால் அந்த வட்டியையே வருமானத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள். வரியை மட்டும் கேட்டு வருமானத்தைக் காட்டாத ரிட்டர்ன், குறையுள்ள ரிட்டர்ன் என்று திரும்பி வரும். நிலவரத்தில் "Defective" என்று காட்டும். 139(9) பிரிவின்கீழ் வரும் இந்த நோட்டீஸுக்குப் பதினைந்து நாளில் சரிசெய்து பதில் தர வேண்டும். விட்டுவிட்டால் ரிட்டர்னே போடாத மாதிரி ஆகிவிடும். ஆண்டின் நடுவில் வேலை மாறி, ஒரு கம்பெனியின் ஃபார்ம் 16ஐ மட்டும் வைத்து ரிட்டர்ன் போட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

கம்பெனியோ வாடகைதாரரோ டிடிஎஸ்ஸைப் பிடித்துவிட்டுத் துறையிடம் கணக்குக் கொடுக்காமல் இருந்தால், அதற்குக் கேள்வி வராது. 26ஏஎஸ்ஸில் இல்லாத வரியைக் கணினி ஏற்காது; இன்டிமேஷனில் ரீஃபண்ட் தொகையைக் குறைத்து அனுப்பிவிடும். அங்கே கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம்தான், அதுவும் வரித்துறையிடம் அல்ல, வரியைப் பிடித்தவரிடம். அவர் கணக்கைத் திருத்திக் கொடுத்து 26ஏஎஸ்ஸில் தொகை ஏறிய பிறகு, போர்ட்டலில் Rectification வழியாக மறுகணக்குக் கேட்கலாம்.

கேள்வி எந்த உருவத்தில் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் மக்கள் நோட்டீஸ் என்றே சொல்கிறார்கள். மென்மையானது ஒன்று உண்டு: உங்கள் ரீஃபண்ட் கோரிக்கையில் சில பொருத்தமின்மைகள் தெரிகின்றன, சரிபாருங்கள், தவறிருந்தால் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள் என்று வரும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும். 2025 டிசம்பரில் இந்த மாதிரிச் செய்தி ஏராளமானவர்களுக்குப் போனது. திருத்திய ரிட்டர்ன் போடக் கடைசி நாள் டிசம்பர் 31 என்பதால் ஒரே பதற்றம். அதற்கு அடுத்தது 143(1)(ஏ) பிரிவில் வரும் முன்மொழிவு. உங்கள் கணக்கில் இந்த மாற்றம் செய்யப்போகிறோம், முப்பது நாளுக்குள் ஒப்புக்கொள்ளுங்கள் அல்லது மறுத்துக் காரணம் சொல்லுங்கள் என்பது. பதிலே சொல்லாவிட்டால் மாற்றம் தானாக நடந்துவிடும். கடைசியில் வருவது 143(2), அதாவது முழு ஆய்வு. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் அதை அனுப்பியாக வேண்டும். ரீஃபண்ட் எதிர்பார்ப்பவர்களில் மிகச் சிலருக்கே அது போகிறது. முறையான நோட்டீஸ் எதுவானாலும் போர்ட்டலில் Pending Actions என்பதற்குக் கீழே e-Proceedings பகுதியில் கண்டிப்பாக இருக்கும். மின்னஞ்சலைத் தேடுவதைவிட அங்கே போய்ப் பார்ப்பதே சரியான வழி.

மாலதிக்கும் டிசம்பரில் அந்த மென்மையான செய்தி வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆடிட்டருக்கு போன் போடுகிறார்.

"சார், திருத்தி ரிட்டர்ன் போடச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. பயமா இருக்கு, அந்த வாடகையை எடுத்துட்டு போட்டுடலாமா?"

"ஏம்மா, வாடகை நிஜமாவே கொடுத்தீங்கதானே?"

"மாசா மாசம் ஜிபேல அனுப்பிட்டு இருக்கேன் சார்."

"ஓனரோட பான் வாங்கிப் போட்டீங்களா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப எதுக்கும்மா எடுக்கணும்? பேசாம இருங்க. அக்ரிமென்ட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட்டு ரெண்டையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க."

ஆடிட்டர் சொன்னது முழுக்கச் சரி. கோரிக்கை உண்மையென்றால் எதையும் திருத்தத் தேவையில்லை. துறையும் அப்போது அதையே சொன்னது. பயத்தில் நியாயமான கழிவைக் கைவிட்டால் 23,400 முழுவதும் போய்விடும். வாடகையை எடுத்துவிட்டால் மாலதியின் வருமானம் ஆறு லட்சம் ஆகும். தள்ளுபடி போய், பழைய முறையில் 33,800 ரூபாய் வரி வரும். பிடித்ததற்கு மேல் பத்தாயிரத்துச் சொச்சம் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். இன்னொன்றும் உண்டு. திருத்திய ரிட்டர்ன் போட்டால் பழையது போய்ப் புதியது வரிசையின் கடைசியில் நிற்கும், அதையும் மறுபடி வெரிஃபை செய்ய வேண்டும். அவசரப்பட்டுத் திருத்துகிறவர்கள் தங்கள் தாமதத்தைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் வாடகை உண்மையில்லை என்றால் அதே ஆடிட்டர் வேறு மாதிரிப் பேசியிருப்பார். டிசம்பர் 31க்குள் திருத்திக்கொண்டால் வரியும் வட்டியும் கட்டி வெளியே வந்துவிடலாம். அது தாண்டிப் பொய்க் கழிவு என்று நிரூபணமானால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போட 270ஏ பிரிவில் இடமிருக்கிறது. அம்மா அப்பாவுக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டுகிறவர்களும் இங்கே நிதானிக்க வேண்டும். பெற்றோர் வீட்டில் இருந்து அவர்களுக்கு வாடகை கொடுப்பது தப்பே இல்லை. பணம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும், அப்பாவின் ரிட்டர்னில் அது வாடகை வருமானமாக இருக்க வேண்டும். மார்ச் மாதம் ஒரே நாளில் எழுதிய பன்னிரண்டு ரசீதுகள் மட்டும் போதாது.

ஒருவழியாக நிலவரம் "Processed" என்று மாறி, இன்டிமேஷன் பி.டி.எஃப். மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. திறக்கப் பாஸ்வேர்டு கேட்கும்: பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கத்தில் சேர்க்க வேண்டும். உள்ளே இரண்டு பத்தி எண்கள் இருக்கும். ஒன்றில் நாம் சொன்னது, பக்கத்தில் அவர்கள் கணக்கிட்டது. முழுவதையும் படிக்க வேண்டாம். இரண்டு பத்தியும் எந்த வரியில் முதன்முதலாக வேறுபடுகிறது என்று விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தால் போதும். ரீஃபண்ட் குறைந்ததற்கான காரணம் அந்த வரியில்தான் இருக்கும்.

இரண்டும் ஒன்றாகவே இருந்தும் பணம் குறைந்தாலோ, நிலவரத்தில் "Partially Adjusted" அல்லது "Full Refund Adjusted" என்று வந்தாலோ, பழைய பாக்கி ஏதோ இருக்கிறது என்று பொருள். எந்த ஆண்டிலாவது வரி பாக்கி என்று துறையின் புத்தகத்தில் இருந்தால், 245 பிரிவின்கீழ் அதை ரீஃபண்டில் கழித்துக்கொள்ளலாம். கழிப்பதற்கு முன் ஒரு தகவல் அனுப்பி, 21 நாள் அவகாசம் தருவார்கள். அந்தப் பாக்கியை ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் Response to Outstanding Demand பகுதியில் மறுப்புத் தெரிவித்துச் சலான் விவரத்தைக் கொடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு முந்தைய சிறு பாக்கிகள் இப்படிப் பலரைத் துரத்திக்கொண்டிருந்தன. 2009-10 நிதியாண்டு வரையிலான 25,000 ரூபாய் வரையான பாக்கிகளையும், அதற்குப் பிறகு 2014-15 வரையிலான 10,000 ரூபாய் வரையான பாக்கிகளையும் 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ரத்து செய்த பிறகு அந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மாலதிக்குப் பாக்கி எதுவுமில்லை. துறையின் சார்பில் ரீஃபண்டைப் பட்டுவாடா செய்வது பாரத ஸ்டேட் வங்கி. அங்கிருந்து பணம் கிளம்பிய பிறகும் "Refund Failed" என்று வரலாம். காரணம் பெரும்பாலும் அற்பமானது. பான் கார்டில் அப்பா பெயரின் முதலெழுத்து விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் சுருங்கியிருக்கும். இனிஷியல் போடும் நம் ஊர்க்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இல்லையென்றால் கணக்கு மூடப்பட்டிருக்கும், வங்கி வேறொன்றோடு இணைந்து ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருக்கும். கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. பழைய எண்ணையே போர்ட்டலில் விட்டுவைத்திருந்தால் பணம் போய்ச் சேர இடமிருக்காது. My Bank Account பகுதியில் கணக்கை மறுபடி சரிபார்த்து "Validated" என்று வந்ததும், Services பகுதியில் Refund Reissue என்பதைத் தேர்ந்தெடுத்து மனுப் போட்டால் பணம் திரும்பக் கிளம்பும். கணக்கெல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் பான் எண் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைக்காத பான் 2023 ஜூலை முதல் செயலற்றது. செயலற்ற பானுக்கு ரீஃபண்ட் கிடையாது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது.

ரீஃபண்ட் வரும் பருவத்தில் "உங்கள் பணம் தயார், இந்த லிங்க்கில் கணக்கு எண்ணை உறுதி செய்யுங்கள்" என்ற மோசடிச் செய்திகளும் வரும். லிங்க்கைத் தொட வேண்டாம். மேலே சொன்னதுபோல் எல்லாமே போர்ட்டலுக்குள் இருக்கிறது. அங்கே இல்லாத ரீஃபண்ட் வேறெங்கும் இல்லை. துறையின் கடிதம் உண்மைதானா என்று சந்தேகம் வந்தால், அதில் அச்சான டின் என்ற ஆவண எண்ணைப் போர்ட்டலின் முகப்பிலேயே கொடுத்துச் சரிபார்க்கலாம்.

மாலதிக்கு டிசம்பர் கடைசி வாரத்தில் பணம் வந்தது என்று வைத்தால், வந்த தொகை 23,400 அல்ல, 24,453. உரிய நாளுக்குள் ரிட்டர்ன் போட்டவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் ரீஃபண்ட் தரும் மாதம் வரை மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி உண்டு. மாதத்தில் சில நாள் ஆனாலும் முழு மாதமாகக் கணக்கு. 23,400க்கு மாதம் 117 ரூபாய், ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதத்துக்கு 1,053. காலங்கடந்து ரிட்டர்ன் போட்டவர்களுக்கு இந்த வட்டி ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான் ஓடும். ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டியே கிடையாது. திரும்பி வந்த 23,400க்கு வரி இல்லை, அது அவருடைய சொந்தப் பணம். ஆனால் 1,053 வருமானம். 2025-26க்கான ஏஐஎஸ்ஸில் அது தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். 2026இல் ரிட்டர்ன் போடும்போது இதர வருமானத்தில் அதைக் காட்டாமல் விட்டால், அந்த ஆண்டு ரீஃபண்டுக்கு அதுவே ஒரு கேள்வியாகும்.